பார்சல் நம்ம கையில் இருக்கும் வரைதான்

போன வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அத்தை போன் பண்ணினாங்க. "ஏய்யா, ஜெர்மனிக்காரர் பணம் போட்டுட்டாராம். பேப்பர் அனுப்பியிருக்காரு. நாளைக்குப் பார்சலை கூரியர்ல போட்றவா?"

வாட்ஸ்அப்பில் வந்திருந்த அந்த பேப்பர் ஒரு ஸ்விஃப்ட் காப்பி. எம்.டி.103 என்று மேலே எழுதி, வங்கி பெயர், அத்தையின் கணக்கு எண், தொகை எல்லாம் சரியாகவே இருந்தது. கூடவே, "என் கடைத் திறப்பு விழா அடுத்த வாரம், இன்றே அனுப்பவும்" என்று ஒரு மெசேஜ்.

"திங்கட்கிழமை வரை பொறுங்க அத்தே" என்று மட்டும் சொன்னேன். திங்கள் வந்தது, செவ்வாய் வந்தது, பணம் வரவில்லை. வங்கியில் கேட்டபோது அப்படி ஒரு வரவுக்கான தகவலே இல்லை என்றார்கள். புதன்கிழமைக்குப் பிறகு அந்த வாடிக்கையாளரும் வாட்ஸ்அப்பில் இல்லை. பார்சல் மட்டும் ஆலங்குளத்தில் அத்தை வீட்டுத் திண்ணையில் பத்திரமாக இருந்தது.

ஆலங்குளம் என்றதும் பலர் தென்காசி மாவட்டத்து ஆலங்குளத்தை நினைப்பார்கள். நான் சொல்வது விருதுநகர் மாவட்டத்தில், சிமெண்ட் ஆலை உள்ள ஆலங்குளம். அங்கே அத்தையும் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஐந்து பேரும் பனை ஓலையில் கொட்டான், சுளகு, தட்டு எல்லாம் பின்னுகிறார்கள். தூத்துக்குடி மாவட்டம் மணப்பாடு மாதிரி கூட்டுறவுச் சங்கம், பெயர், பழக்கம் எதுவும் இவர்களுக்குக் கிடையாது. ஆறு பேர், ஒரு இன்ஸ்டாகிராம் கணக்கு. அந்தக் கணக்கை நடத்துவது நான்.

அந்த வாரம் எனக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரையின் கருத்து: சின்ன அளவில் ஏற்றுமதி செய்கிறவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு, பார்சல் இன்னும் அவர் கையில் இருப்பதுதான். எனவே முழுப் பணமும் கணக்கில் ஏறிய பிறகே பார்சல் வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். இதைக் கேட்பதற்கு நம்ம ஆட்கள் வெட்கப்படுகிறார்கள். வெட்கப்படத் தேவையில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது.

கப்பலுக்கு உள்ள பூட்டு கூரியருக்குக் கிடையாது

யூடியூபில் ஏற்றுமதி பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் கன்டெய்னர் வியாபாரத்தை வைத்தே பேசுகிறார்கள். கப்பலில் சரக்கு போனால் 'பில் ஆஃப் லேடிங்' என்ற பத்திரம் கிடைக்கும். அதன் அசல் யாரிடம் இருக்கிறதோ அவர்தான் துறைமுகத்தில் சரக்கை எடுக்க முடியும். ஏற்றுமதியாளர் அந்த அசலைத் தன் வங்கி மூலம் அனுப்புவார். வாங்குகிறவர் அவருடைய வங்கியில் பணம் கட்டினால்தான் பத்திரம் கைக்கு வரும். அதாவது, சரக்கு கடல் தாண்டிப் போன பிறகும் சாவி விற்றவரிடமே இருக்கிறது.

கூரியரிலும் தபாலிலும் இந்தச் சாவி கிடையாது. நமக்குத் தருகிற ஏர்வே பில் வெறும் ரசீதுதான், உரிமைப் பத்திரம் அல்ல. முகவரியில் இருப்பவர் கையெழுத்துப் போட்டுப் பார்சலை வாங்கிக்கொள்வார். பணம் கொடுத்தாரா என்று கூரியர் பையன் கேட்க மாட்டான். ஆக, "டாக்குமென்ட் வங்கி வழியா வரட்டும், அப்புறம் பணம் தர்றேன்" என்று ஒருவர் கூரியர் ஆர்டருக்குச் சொன்னால், அது கேட்க கௌரவமாக இருக்கும் கடன், அவ்வளவுதான்.

"அப்போ எல்.சி. கேளு" என்பார்கள். லெட்டர் ஆஃப் கிரெடிட் நல்ல ஏற்பாடுதான். ஆனால் இரண்டு பக்க வங்கிகளும் அதற்குக் கட்டணம் வாங்கும். பேப்பரில் ஒரு எழுத்து பிசகினாலும் மறுக்கலாம். ஐம்பதாயிரம் ரூபாய் ஆர்டருக்கு இது கட்டுப்படியாகாது.

நம்ம ஊரில் கடன் வியாபாரம் புதிதல்ல. ஆனால் உள்நாட்டு வியாபாரத்தில் கடன் நின்றால் போய்க் கேட்க ஒரு கடை இருக்கும், தெரிந்த ஏஜென்ட் இருப்பார். ஹாம்பர்க்கில் நமக்கு யார் இருக்கிறார்கள்?

முதலில் சாம்பிள், அதுவும் இரண்டு

பணம் பற்றிய பேச்சுக்கு முன்னால் வருவது சாம்பிள். இதை நாங்கள் தப்பாகச் செய்துதான் கற்றுக்கொண்டோம். முதல் சாம்பிளுக்கு அத்தை தன் கையால், மூன்று நாள் உட்கார்ந்து, ஊசி முனை அளவுக்குக்கூட இடைவெளி இல்லாமல் ஒரு தட்டு பின்னினார். அதே தரத்தில் நூறு தட்டு ஆறு பேராலும் பின்ன முடியாது. சாம்பிள் என்பது நம்முடைய திறமைக் கண்காட்சி அல்ல. அது ஒரு வாக்குறுதி. குழுவில் சுமாராகப் பின்னுகிற ஆளின் சாதாரண நாள் வேலை எதுவோ, அதைத்தான் அனுப்ப வேண்டும்.

எப்போதும் ஒரே மாதிரி இரண்டு செய்ய வேண்டும். ஒன்று போகும், இன்னொன்று தேதி எழுதி, உறையில் மூடி நம்மிடம் இருக்கும். இரண்டையும் சேர்த்து வைத்து எடுத்த போட்டோவை வாங்குபவருக்கு அனுப்பி, "இதுதான் அளவுகோல். விட்டம் 30 செ.மீ., ஒரு செ.மீ. கூடலாம் குறையலாம். ஓலையின் நிறம் தட்டுக்குத் தட்டு மாறும்" என்று எழுதி, அவரிடமிருந்து சம்மதம் மெயிலில் வாங்க வேண்டும். பின்னால் "நிறம் வேற மாதிரி இருக்கு, பாதிப் பணத்தைத் திருப்பிக் கொடு" என்று வந்தால் பேச நம்மிடம் ஒரு பொருளும் ஒரு மெயிலும் இருக்கும்.

ஓலைக்கு இன்னொரு விஷயம் ஈரம். குருத்தோலை தொட்டால் காய்ந்த மாதிரிதான் இருக்கும். பாலிதீனுக்குள் பத்து நாள் பயணம் போனால் உள்ளே பூஞ்சணம் பூத்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் பின்னியது என்றால் இன்னும் மோசம். நாங்கள் செய்யும் சோதனை ரொம்ப எளிது. ஒரு தட்டைப் பாலிதீன் பையில் கட்டி ஒரு பகல் முழுக்க வெயிலில் வைப்போம். பையின் உள்பக்கம் முத்து முத்தாகத் தண்ணீர் நின்றால் அந்த லாட் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். மேலும், ஓலை தாவரப் பொருள். ஆஸ்திரேலியா மாதிரி சில நாடுகள் இதில் மிகக் கடுமையானவை. தாவரநலச் சான்றிதழ் அல்லது புகைமூட்டம் தேவையா என்று வாங்குபவரே அவருடைய நாட்டில் கேட்டு, எழுத்தில் சொல்லட்டும். சாம்பிள் அனுப்பும் கட்டத்திலேயே இதைக் கேட்டுவிட வேண்டும்.

சாம்பிளை இலவசமாகக் கொடுப்பதா? என் கருத்து: பொருளின் விலையை வேண்டுமானால் விட்டுக்கொடுக்கலாம், கூரியர் செலவை விடக் கூடாது. அந்த இரண்டாயிரமோ மூவாயிரமோ கொடுக்க யோசிப்பவர் ஐம்பதாயிரத்துக்கு ஆர்டர் தரப் போவதில்லை. சாம்பிள் வாங்கியே வீட்டை அலங்கரிக்கிற ஆட்களும் இருக்கிறார்கள்.

அளக்காமல் விலை சொல்லாதீர்கள்

எஞ்சினியரிங் படிக்கிற நாம் உண்மையிலேயே உதவக்கூடிய இடம் ஒன்று உண்டு. கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. நீளம், அகலம், உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 5000-ஆல் வகுப்பார்கள். வருகிற எண்ணும் உண்மையான எடையும் ஒப்பிடப்படும். எது அதிகமோ அதற்குத்தான் காசு. ஓலைப் பொருள் எடையே இல்லாதது, ஆனால் இடத்தை அடைக்கும்.

மூடி போட்ட கொட்டான் 20×20×15 செ.மீ. என்று எடுத்துக்கொள்வோம். நூறு கொட்டானின் கன அளவு 6,00,000 கன செ.மீ. 5000-ஆல் வகுத்தால் 120 கிலோ. நிஜ எடை 25 கிலோதான். கிலோவுக்கு 700 ரூபாய் என்று வைத்தால் அனுப்பும் செலவு 84,000 ரூபாய். ஒரு கொட்டானுக்கு 840. கொட்டானின் விலையே 250!

இப்போது 30 செ.மீ. விட்டமுள்ள தட்டைப் பாருங்கள். தட்டின் ஓரம் கொஞ்சம் சாய்வாக இருந்தால் ஒன்றுக்குள் ஒன்று உட்காரும். முதல் தட்டு 5 செ.மீ. உயரம், அதன் மேல் வரும் ஒவ்வொன்றும் ஒன்றரை செ.மீ. மட்டுமே கூட்டும். இருபத்தைந்து தட்டு அடுக்கினால் 41 செ.மீ. நான்கு அடுக்குகள் ஒரு 62×62×43 பெட்டிக்குள் அடங்கும். கணக்குப்படி 33 கிலோ. செலவு 23,100 ரூபாய், தட்டுக்கு 231. அதே ஓலை, அதே கைகள். ஓரத்தின் சாய்வு மட்டும் மாறியது. அத்தை முதலில் ஓரத்தை நேராக நிமிர்த்திப் பின்னிக்கொண்டிருந்தார். அதை மாற்றச் சொன்னதுதான் இந்த வியாபாரத்துக்கு நான் செய்த ஒரே எஞ்சினியரிங். பெட்டிக்கு எங்கும் போக வேண்டியதில்லை. அச்சும் அட்டைப்பெட்டியும் சிவகாசியிலேயே கிடைக்கும்.

பேப்பர் வேலை: பயப்படும் அளவுக்கு இல்லை

முதலில் ஐ.இ.சி. இது ஏற்றுமதி இறக்குமதி அடையாள எண். dgft.gov.in தளத்தில் 500 ரூபாய் கட்டி வாங்கலாம். நம் பான் எண்ணேதான் ஐ.இ.சி. எண்ணாகவும் இருக்கும். எல்லோரும் மறப்பது ஒன்று உண்டு: ஒவ்வொரு வருஷமும் ஏப்ரல் முதல் ஜூனுக்குள் தளத்துக்குப் போய் விவரங்களை உறுதி செய்ய வேண்டும். எதுவும் மாறாவிட்டாலும் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் எண் முடக்கப்படும். முகவரி எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இருக்கட்டும். எங்களுக்கு மாவட்டப் பெயரும் பின்கோடும் இல்லாவிட்டால் பேப்பர் தென்காசிப் பக்கம் போய்விடும்.

அடுத்து, கரன்ட் அக்கவுண்ட். அன்னியச் செலாவணி பார்க்கும் கிளையாக இருப்பது நல்லது. அந்த வங்கி 14 இலக்க ஏ.டி. கோடு ஒன்றைக் கடிதமாகத் தரும். எந்த விமான நிலையம் வழியாகச் சரக்கு போகிறதோ, அங்கே சுங்கத்துறையில் அதைப் பதிவு செய்ய வேண்டும். கூரியர் நிறுவனமே பெரும்பாலும் செய்து தரும். ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால், ஒவ்வொரு நிதியாண்டும் எல்.யு.டி. என்ற உறுதிமொழியைத் தளத்தில் கொடுத்துவிட்டு வரி கட்டாமலேயே ஏற்றுமதி செய்யலாம்.

கூரியரில் அனுப்பும் வியாபாரச் சரக்குக்கு சி.எஸ்.பி-5 என்ற சுங்கப் படிவம். சி.எஸ்.பி-4 இலவசச் சாம்பிளுக்கும் அன்பளிப்புக்கும் உள்ளது. சாம்பிளுக்கு 50,000 ரூபாய், அன்பளிப்புக்கு 25,000 ரூபாய் உச்சவரம்பு. இதைக் கவனியுங்கள்: சாம்பிளின் விலையை வாங்கிவிட்டால் அது இலவசச் சாம்பிள் அல்ல, விற்பனை. விற்பனைக்கான படிவத்தில்தான் போக வேண்டும். இலவசமாகவே போனாலும் இன்வாய்சில் பூஜ்யம் என்று எழுதக் கூடாது. உண்மையான மதிப்பை எழுதி, சுங்கத்துக்காக மட்டும் என்று குறிப்பிட வேண்டும். தபாலில் அனுப்புவது என்றால் அஞ்சல் துறையின் 'டாக் கர் நிர்யாத் கேந்திரா' இருக்கிறது. சுங்கப் படிவத்தை ஆன்லைனில் நிரப்பி, பார்சலை அங்கே கொடுத்தால் போதும்.

"எதுக்கு இவ்வளவு? கிஃப்ட்னு எழுதி அனுப்பிடு, எல்லாரும் அப்படித்தான் செய்றாங்க" என்று சொல்பவர்களோடு எனக்குச் சண்டையே உண்டு. கிஃப்ட் என்று போன சரக்குக்கு ஏற்றுமதிப் பதிவே கிடையாது. வங்கிக்கு வெளிநாட்டுப் பணம் வரும்போது எதற்காக என்று கேட்பார்கள். காட்ட இன்வாய்ஸ் இருக்கும், சரக்கு போனதற்குச் சான்று இருக்காது. பார்சல் தொலைந்தால் எழுதின குறைந்த மதிப்புக்குத்தான் இழப்பீடு. எல்லாவற்றுக்கும் மேல், அந்தப் பக்கம் சுங்கத்தில் மாட்டுவது நம்மை நம்பி வாங்கியவர்.

பாதி முன்னால், மீதி கிளம்பும் முன்னால்

இப்போது பணம். எங்கள் கொட்டேஷனில் இருக்கும் நிபந்தனை இவ்வளவுதான்: "50 சதவீதம் ஆர்டரோடு. மீதி 50 சதவீதம், பேக் செய்த போட்டோவும் எடையும் அனுப்பிய பிறகு, சரக்கு கிளம்பும் முன். எங்கள் வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்ட பிறகே பணம் வந்ததாகக் கொள்ளப்படும்."

ஏன் பாதி? நூறு தட்டு, ஒன்று 250 என்றால் 25,000. பேக்கிங் 2,000, கூரியர் 23,100. மொத்தம் 50,100. அதில் பாதி 25,050. ஓலை, சாயம், ஆறு பேர் கூலி எல்லாம் இந்த முன்பணத்துக்குள் அடங்கிவிடும். பாதியில் வாங்குபவர் காணாமல் போனாலும் யாருடைய கூலியும் நிற்காது, தட்டுகள் நம்மிடம் இருக்கும். கூரியர் காசு நம் கையை விட்டுப் போவது மீதியும் வந்த பிறகுதான். முன்பணம் எவ்வளவு என்பதை இப்படித்தான் முடிவு செய்ய வேண்டும்: ஆர்டர் ரத்தானால் நம் பையிலிருந்து எவ்வளவு போகும்? அதற்குக் குறையக் கூடாது.

கடைசி வாக்கியம்தான் அந்த வெள்ளிக்கிழமைக்குப் பிறகு சேர்த்தது. ஸ்விஃப்ட் காப்பி ஒரு படம். யாரும் தயாரிக்கலாம். வங்கிக் கணக்கில் தெரிவது மட்டுமே பணம். அதேபோல, கேட்டதைவிட அதிகமாக அனுப்பிவிட்டு "மிச்சத்தை இந்தக் கணக்குக்குத் திருப்பி விடு" என்றால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். முதல் பணம் பின்னால் ரத்தாகும், நீங்கள் திருப்பியது திரும்பாது. ஏமாற்றம் எதிர்த்திசையிலும் நடக்கும். நம் மெயிலைத் திருடி, "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது" என்று வாங்குபவருக்கு எழுதுவார்கள். கணக்கு எண் மாறாது, மாறியதாக மெயில் வந்தால் போனில் கேளுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிட வேண்டும்.

பேபால் வசதிதான். ஆனால் வாங்குபவர் 180 நாள் வரை புகார் எழுப்பலாம், அப்போது பணம் பிடித்து வைக்கப்படும். சாம்பிளுக்கு வைத்துக்கொள்ளலாம், போனாலும் தாங்கும் தொகை. முழு ஆர்டருக்கு வங்கிப் பரிமாற்றம்தான். அப்போதும் நடுவில் உள்ள வங்கிகள் கட்டணம் பிடிக்கும். 600 டாலர் இன்வாய்சுக்கு 575 வந்து சேரலாம். சின்ன ஆர்டரில் அது ஒரு பெண்ணின் கூலி. அனுப்பும் செலவு முழுக்க அனுப்புபவருடையது என்பதற்கு வங்கிப் படிவத்தில் OUR என்று ஒரு தேர்வு உண்டு. அதைத் தேர்வு செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

இதெல்லாம் வாங்குபவருக்கு அநியாயம் இல்லையா? நியாயமான கேள்வி. முகம் தெரியாத ஆறு பேருக்கு அவர் முழுப் பணத்தையும் முன்கூட்டியே தருகிறார். அவருடைய பயமும் உண்மை. என் பதில், கடன் கொடுத்து அந்தப் பயத்தைப் போக்கக் கூடாது, அளவைச் சிறிதாக்கிப் போக்க வேண்டும். முதலில் சாம்பிள். பிறகு இருபது தட்டு. பிறகு நூறு. பெட்டியை மூடும் முன் எண்ணிக் காட்டும் வீடியோ. கிளம்பிய அன்றே ட்ராக்கிங் எண். மூன்று நான்கு ஆர்டர் ஒழுங்காகப் போன பிறகு அவர் கொஞ்சம் தளர்த்தக் கேட்டால் பேசலாம். அப்போதுகூட, வெளிநாட்டில் பணம் நின்றுபோனால் காப்பீடு தரும் மத்திய அரசின் ஈ.சி.ஜி.சி. நிறுவனத்தில் சிறு ஏற்றுமதியாளருக்கான பாலிசியை விசாரித்த பிறகுதான்.

கடைசியாக, இறக்குமதி வரி யாருடையது என்பதைக் கொட்டேஷனிலேயே எழுதுங்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 800 டாலர் வரையிலான பார்சலுக்குத் தந்துவந்த வரிவிலக்கை எடுத்துவிட்டது. அந்த மாதம் 25-ஆம் தேதி முதல் நம் அஞ்சல் துறை அமெரிக்காவுக்குப் பெரும்பாலான பார்சல்களை நிறுத்தியது. அக்டோபர் 15-இல்தான், வரியை இங்கேயே கட்டி அனுப்பும் முறையில், மறுபடி தொடங்கியது. நடுவில் ஆர்டர் எடுத்து வைத்திருந்தவர்கள் நிலையை யோசித்துப் பாருங்கள். "இறக்குமதி வரி வாங்குபவருடையது. அனுப்பும் முன் விதி மாறினால் இரு தரப்பும் பேசி மாற்றலாம், அல்லது செய்த வேலைக்கான பணம் போக மீதி திருப்பித் தரப்படும்" என்ற இரண்டு வரி பெரிய சண்டையைத் தவிர்க்கும்.

அந்தத் திண்ணைப் பார்சல் என்ன ஆனது என்று கேட்பீர்கள். முன்பணம் வாங்காததால் அந்த முறை கூலியை அத்தையே கையிலிருந்து கொடுத்தார். தட்டுகள் நான்கு மாதம் கழித்து வேறொருவருக்கு, முழுப் பணமும் வந்த பிறகு, போய்ச் சேர்ந்தன. இப்போதெல்லாம் யாராவது ஸ்விஃப்ட் காப்பி அனுப்பினால் அத்தை எனக்குப் போன் பண்ணுவதில்லை. பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு நேரே வங்கிக்குப் போய்விடுகிறார்.